ஒரே டாஷ்போர்டு, மூன்று கடிகாரங்கள்: ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் நேரத்தை எழுதுவது எப்படி?

மேட்டூர் அணையைப் பற்றிய செய்தியை நாளிதழில் படித்திருப்பீர்கள். "இன்று காலை 8 மணி நிலவரப்படி அணையின் நீர்மட்டம்..." என்றுதான் அது ஆரம்பிக்கும். நீர்மட்டம் எவ்வளவு என்பதற்கு முன்னால், எந்த நேரத்து நீர்மட்டம் என்பதை அந்தச் செய்தி சொல்லிவிடுகிறது. டீக்கடையில் மாலை ஐந்து மணிக்கு அதே பேப்பரைப் படிப்பவருக்கும் குழப்பம் வராது. இது காலையில் எடுத்த கணக்கு, இப்போது கொஞ்சம் மாறியிருக்கும் என்று அவரே புரிந்துகொள்வார்.

அதே எண் ஒரு டாஷ்போர்டுக்குள் வந்ததும், 'நிலவரப்படி' என்ற வார்த்தை காணாமல் போய்விடுகிறது. பெரிய எழுத்தில் எண் மட்டும் நிற்கும். திரையின் மேல் மூலையில் 'கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது: 11:00' என்று ஒரே ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி, பலகையில் இருக்கிற எல்லா எண்களும் 11 மணிக்கு உரியவை என்று சொல்லாமல் சொல்கிறது. உண்மையில் ஒன்று 10:45-க்கு உரியது, இன்னொன்று காலை 6 மணிக்கு உரியது, மூன்றாவது போன மாதத்துக்கு உரியது.

மணிக்கு ஒரு தடவை, நாளுக்கு ஒரு தடவை, மாதத்துக்கு ஒரு தடவை என வெவ்வேறு வேகத்தில் வரும் தகவல்களை ஒரே பலகையில் வைக்கும்போது என்ன நடக்கிறது, ஒவ்வொரு எண்ணுக்கும் அதனதன் நேரத்தை எப்படி எழுதுவது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். மழைக்காலத்தில் கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறையில் வைக்கக்கூடிய தண்ணீர்ப் பலகை ஒன்றையே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வோம்.

பலகையில் இருப்பவை

மூன்று வகைத் தகவல்கள் நம் பலகைக்கு வருகின்றன.

முதலாவது, மணிக்கணக்கில் வருவது. தானியங்கி மழைமானிகளும், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்களில் பொருத்திய அளவுக் கருவிகளும் தாமாகவே எண்களை அனுப்பிக்கொண்டிருக்கும். இவற்றில் ஆள் தலையீடு குறைவு. ஆனால் மின்சாரமோ சிக்னலோ போனால் கருவி சத்தமில்லாமல் நின்றுவிடும்.

இரண்டாவது, தினசரி வருவது. ஏரியில் நட்டிருக்கும் அளவுகோலைக் காலையில் ஊழியர் பார்த்து எழுதுவார். எத்தனை அடி தண்ணீர் இருந்தால் எத்தனை மில்லியன் கனஅடி இருப்பு என்பதற்கு ஒவ்வொரு ஏரிக்கும் ஓர் அட்டவணை உண்டு. அதைப் பார்த்து இருப்பைக் கணக்கிட்டு அனுப்புவார்கள். வானிலைத் துறையின் 24 மணி நேர மழைக்கணக்கும் தினசரி வகைதான். அது முந்தைய நாள் காலை 8:30 முதல் இன்று காலை 8:30 வரை பெய்த மழை.

மூன்றாவது, மாதாந்திரம் வருவது. கண்காணிப்புக் கிணறுகளில் மாதம் ஒரு தடவை நீர்மட்டத்தை அளந்து, மாவட்டச் சராசரி போடுவார்கள். எல்லாக் கிணறுகளின் அளவும் வந்து, சரிபார்த்து, சராசரி வெளியாக அடுத்த மாதம் சில நாட்கள் ஆகிவிடும்.

இவற்றில் எதுவும் குறைபாடு இல்லை. நிலத்தடி நீர் மணிக்கு மணி பெரிதாக மாறாது, அதை மாதம் ஒரு தடவை அளந்தாலே போதும். மழை அப்படி இல்லை. அளக்கப்படும் பொருள் மாறும் வேகம் வேறு, அதனால் அளக்கும் வேகமும் வேறு. இந்த வேறுபாட்டைத் திரை மறைக்கும்போதுதான் பிரச்சினை வருகிறது.

ஒரு சனிக்கிழமை காலை 11 மணி

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. இந்த இரண்டும் உண்மையான அளவுகள். இனி வரும் எண்கள் பாடத்துக்காக நாமே வைத்துக்கொள்பவை.

நவம்பர் மாதம், சனிக்கிழமை. காலை 6 மணிக்கு எடுத்த அளவின்படி ஏரியின் இருப்பு 3,210 மில்லியன் கனஅடி. அப்போது நீர்வரத்து வினாடிக்கு 2,000 கனஅடி. அதன் பிறகு மழை வலுத்தது. நீர்வரத்து சீராக ஏறி, 11 மணிக்கு வினாடிக்கு 8,000 கனஅடி ஆகிவிட்டது. ஏரியிலிருந்து தண்ணீர் எதுவும் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

11 மணிக்கு ஒரு அதிகாரி பலகையைப் பார்த்துக் கேட்கிறார்: "ஏரி நிரம்ப இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" பலகையில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டம் எந்த எண்களை எடுத்துக் கணக்குப் போடுகிறது என்பதைப் பொறுத்து மூன்று விதமான பதில்கள் கிடைக்கும்.

*முதல் பதில்.* பலகை தினசரி அறிக்கையிலிருந்தே இருப்பையும் வரத்தையும் எடுக்கிறது. 3,645-லிருந்து 3,210-ஐக் கழித்தால் காலி இடம் 435 மில்லியன் கனஅடி. வினாடிக்கு 2,000 கனஅடி என்றால் ஒரு மணி நேரத்தில், அதாவது 3,600 வினாடிகளில், 7.2 மில்லியன் கனஅடி வரும். 435-ஐ 7.2-ஆல் வகுத்தால் சுமார் 60 மணி நேரம். "சார், அறுபது மணி நேரம் இருக்கு, திங்கட்கிழமை ராத்திரி வரைக்கும் கவலை இல்லை" என்று பதில் போகும்.

*இரண்டாவது பதில்.* பலகையைச் செய்தவர் கொஞ்சம் கெட்டிக்காரர். வரத்தை மட்டும் மணிக்கணக்குத் தகவலிலிருந்து எடுக்கும்படி மாற்றியிருக்கிறார். காலி இடம் அதே 435. வரத்து இப்போது 8,000, அதாவது மணிக்கு 28.8 மில்லியன் கனஅடி. வகுத்தால் சுமார் 15 மணி நேரம். 11 மணியிலிருந்து எண்ணினால் இரவு 2 மணி.

*மூன்றாவது பதில்.* 6 மணியிலிருந்து 11 மணி வரை ஏரிக்குள் வந்த தண்ணீரையும் சேர்த்துப் பார்க்கிறோம். வரத்து 2,000-லிருந்து 8,000 வரை சீராக ஏறியிருப்பதால் சராசரி 5,000. ஐந்து மணி நேரத்துக்கு, அதாவது 18,000 வினாடிகளுக்கு, 90 மில்லியன் கனஅடி. ஆக 11 மணிக்கு ஏரியின் இருப்பு சுமார் 3,300, காலி இடம் 345. அதை 28.8-ஆல் வகுத்தால் 12 மணி நேரம். அதாவது இரவு 11 மணி.

60, 15, 12. மூன்றையும் ஒரே திரையில், ஒரே எழுத்து அளவில், 'கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது: 11:00' என்ற வரிக்குக் கீழே காட்ட முடியும். உள்ளே போன எண்கள் ஒவ்வொன்றும் சரியானவை. ஊழியர் அளவுகோலைச் சரியாகத்தான் பார்த்தார், கருவியும் சரியாகத்தான் அனுப்பியது. இருந்தும் முதல் பதில் இரண்டு நாள் தள்ளி நிற்கிறது.

நடைமுறையில் ஏரி விளிம்பைத் தொடும்வரை யாரும் காத்திருப்பதில்லை, அதற்கு முன்பே தண்ணீரைத் திறப்பார்கள். அப்படியானால் முடிவெடுக்கக் கையில் இருக்கும் நேரம் 12 மணியைவிடவும் குறைவு. அடையாறு கரையோரத்தில் குடியிருப்பவர்களுக்கு வெளிச்சம் இருக்கும்போதே தகவல் சொல்வதா, நள்ளிரவில் எழுப்புவதா என்பது இந்தக் கட்டத்தில் தெரியும் எண்ணைப் பொறுத்திருக்கிறது.

முதல் பதில் தப்பு என்பது அனுபவமுள்ள பொறியாளருக்குப் பட்டென்று தெரிந்துவிடும். வெளியே இப்படி ஊற்றுகிறதே, 60 மணி நேரம் எப்படி என்று சந்தேகப்படுவார். இரண்டாவது பதில்தான் அதிக ஆபத்து. பார்த்தால் நம்பும்படி இருக்கிறது. 6 மணி இருப்பையும் 11 மணி வரத்தையும் ஒட்டுப்போட்ட கணக்கு அது என்பதற்குத் திரையில் ஓர் அடையாளமும் இல்லை.

ஓர் எண்ணுக்கு எத்தனை நேரம்?

'புதுப்பித்த நேரம்' என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதற்குள் மூன்று தனித்தனி நேரங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, நிலவர நேரம். அந்த எண் எந்த நேரத்து உண்மையைச் சொல்கிறது? ஏரி இருப்புக்கு அது காலை 6 மணி. மழைக்கு அது ஒரு நேரமாக இல்லாமல் ஒரு கால அளவாக இருக்கும்: நேற்று 8:30 முதல் இன்று 8:30 வரை. நிலத்தடி நீருக்கு அது அக்டோபர் மாதம்.

இரண்டாவது, வந்து சேர்ந்த நேரம். அந்த எண் நம் சர்வருக்கு எப்போது வந்தது? 6 மணி அளவு 7:30-க்கு வந்திருக்கலாம். அக்டோபர் நிலத்தடி நீர் அளவு நவம்பர் 10-ஆம் தேதி வந்திருக்கலாம்.

மூன்றாவது, திரை வரைந்த நேரம். பிரவுசர் பக்கத்தை எப்போது புதிதாகக் காட்டியது? மூலையில் இருக்கும் 11:00 இதுதான். பார்ப்பவருக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. பக்கத்தை யார் ரெஃப்ரெஷ் செய்தாலும் இது மாறும், உள்ளே இருக்கிற எண் மாறாது. எனவே நீங்கள் செய்யக்கூடிய முதல் வேலை, அந்த ஒற்றை வரியைத் திரையிலிருந்து எடுத்துவிடுவதுதான்.

முதல் இரண்டையும் எண்ணோடு சேர்த்தே சேமித்து வையுங்கள். கூடவே இன்னொரு விவரமும் வேண்டும்: அடுத்த எண் எப்போது வரவேண்டும் என்பது. ஏரி இருப்பைச் சேமிக்கும் பதிவு இப்படி இருக்கலாம்:

```json
{
  "metric": "lake_storage_mcft",
  "value": 3210,
  "as_of": "2025-11-15T06:00+05:30",
  "received_at": "2025-11-15T07:30+05:30",
  "next_due": "2025-11-16T07:30+05:30",
  "grace_minutes": 60
}
```

`as_of` என்பது நிலவர நேரம், `received_at` வந்து சேர்ந்த நேரம், `next_due` அடுத்த எண் வந்து சேரவேண்டிய நேரம். `grace_minutes` என்பது எவ்வளவு தாமதம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது. பதிவு என்ற அளவில் இவ்வளவு போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் கறாராகப் பின்பற்றுங்கள். `as_of` நேரத்தைத் தகவலை அனுப்புபவர் தகவலுக்குள்ளேயே எழுதித் தரவேண்டும். ஃபைல் வந்த நேரத்தை எடுத்து `as_of`-இல் போட்டுவிடக் கூடாது. நேற்றைய எக்செல் ஃபைலையே இன்று காலை யாராவது மறுபடி ஏற்றிவிட்டால், ஃபைல் நேரம் இன்றையது, எண் நேற்றையது. இந்தத் தப்பை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது.

பழசு என்றால் எவ்வளவு பழசு?

இப்போது நிறம் கொடுக்கலாம் என்று தோன்றும். 24 மணி நேரத்துக்கு மேல் ஆன எண் எல்லாம் சிவப்பு என்று ஒரே விதி வைத்தால் என்ன ஆகும்? நிலத்தடி நீர் எண் மாதம் முழுவதும் சிவப்பாகவே நிற்கும். ஒரு வாரத்தில் அந்தச் சிவப்பை எல்லாரும் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். மறுபுறம், மழைமானி மூன்று மணி நேரமாகப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாலும் அது பச்சையாகவே இருக்கும். உண்மையில் அந்த மூன்று மணி நேரம்தான் ஆபத்து.

எனவே ஓர் எண்ணின் வயதை அதன் சொந்த வேகத்தோடு ஒப்பிட வேண்டும். விதி இவ்வளவுதான்:

```
late = now > next_due + grace
```

மணிக்கணக்கு மழைமானிக்கு 20 நிமிடம் பொறுக்கலாம், ஏரி அளவுக்கு ஒரு மணி நேரம், நிலத்தடி நீருக்கு ஐந்து நாள். இந்த அளவுகளை நீங்களாக உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். அந்தத் தகவலை அனுப்பும் துறையினரிடம் கேளுங்கள், பழைய பதிவுகளில் வழக்கமாக எத்தனை மணிக்கு வந்திருக்கிறது என்றும் பாருங்கள். 7:30-க்கு வரும் என்று சுற்றறிக்கையில் இருக்கும், பெரும்பாலான நாள் 8:10-க்குத்தான் வந்திருக்கும். பொறுக்கும் நேரத்தை அந்த உண்மைக்கு ஏற்ப வையுங்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நம் சனிக்கிழமைக் கணக்கில் 6 மணி ஏரி இருப்பு தாமதம் ஆகவில்லை. அது சரியான நேரத்தில் வந்த எண்தான், அடுத்தது நாளைக் காலைதான் வரவேண்டும். மேலே சொன்ன விதிப்படி அது பச்சை. ஆனாலும் 11 மணிக்கு எடுக்கவேண்டிய முடிவுக்கு அது போதாது. 'நேரத்துக்கு வந்தது' என்பதும் 'இந்த முடிவுக்குப் போதுமானது' என்பதும் வேறு வேறு. முதல் கேள்விக்குக் கம்ப்யூட்டர் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்குப் பார்ப்பவர்தான் பதில் சொல்லவேண்டும். அவருக்கு நிலவர நேரம் கண்ணெதிரே தெரிந்தால் மட்டுமே அது முடியும். பச்சை நிறம் மட்டும் இருந்து நேரம் எழுதாமல் இருந்தால், நிறமே அவரைத் தவறான பக்கம் அழைத்துச் செல்லும்.

அந்த நேரம் கண்ணில் பட்டால் நல்ல அதிகாரி என்ன செய்வார்? "6 மணிக் கணக்கா இது? ஏரிக்குப் போன் பண்ணி இப்ப எத்தனை அடின்னு கேளுங்க" என்பார். மழை வலுத்த நாளில் ஏரி அளவையும் மணிக்கு ஒரு தடவை எடுக்கச் சொல்வார். அந்த நேரக் குறிப்பு செய்யவேண்டிய வேலை இதுதான்.

கணக்கிட்டு வரும் எண்களுக்கு எந்த நேரம்?

பலகையில் நேரடியாக வரும் எண்களைவிட, பல எண்களைச் சேர்த்துக் கணக்கிட்ட எண்களையே மேலதிகாரிகள் அதிகம் பார்க்கிறார்கள். நிரம்ப ஆகும் நேரம், மொத்த இருப்பு, எத்தனை நாளுக்குக் குடிநீர் என்பன எல்லாம் அப்படிப்பட்டவை. இவற்றின் நிலவர நேரம், அவற்றுக்குள் போன எண்களிலேயே பழையது எதுவோ அதன் நேரம். 6 மணி இருப்பும் 11 மணி வரத்தும் சேர்ந்த கணக்கு, 6 மணிக் கணக்குதான். புதிய எண்ணோடு சேர்ந்ததால் பழைய எண் புதியதாகிவிடாது.

அப்படியானால் மூன்றாவது பதிலை, அதாவது 12 மணி நேரத்தை, பலகையில் போடலாமா? தாராளமாகப் போடலாம். ஆனால் 3,300 என்பது யாரும் அளவுகோலில் பார்த்த எண் இல்லை. 6 மணி அளவோடு வரத்தைக் கூட்டி நாம் ஊகித்தது. எனவே அதன் கீழே 'மதிப்பீடு: காலை 6 மணி இருப்பு + 11 மணி வரையிலான வரத்து' என்று எழுதவேண்டும். அளந்த எண்ணும் மதிப்பிட்ட எண்ணும் ஒரே மாதிரித் தெரியக் கூடாது.

மொத்த இருப்பில் வேறொரு சிக்கல் உண்டு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து நீர்நிலைகளையும் கூட்டி ஓர் எண் காட்டுகிறீர்கள். இன்று சோழவரம் அளவு மட்டும் இன்னும் வரவில்லை. உங்கள் நிரல் என்ன செய்யும்? வராததைப் பூஜ்யமாக எடுத்தால், மொத்த இருப்பு ஒரே ராத்திரியில் குறைந்ததுபோல் தெரியும். நேற்றைய அளவை எடுத்து நிரப்பினால் எண் வழக்கம்போல் தெரியும், ஆனால் அதில் ஒரு பகுதி நேற்றையது என்பது யாருக்கும் தெரியாது. இரண்டாவது வழி தேவலை. ஆனால் 'ஐந்தில் நான்கு இன்று காலை 6 மணி, சோழவரம் நேற்று காலை 6 மணி' என்ற வரியோடுதான் அதைக் காட்டவேண்டும்.

கட்டத்தின் கீழே என்ன எழுதுவது?

சின்னக் கட்டம், அதில் நீளமாக எழுத இடமில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே ஒரே வரி போதும். நம் பலகையில் அது இப்படி இருக்கலாம்:

- ஏரி இருப்பு 3,210 மில்லியன் கனஅடி: நவ. 15, காலை 6:00 நிலவரம். அடுத்தது நாளை காலை.
- மழை 42 மி.மீ.: நவ. 14 காலை 8:30 முதல் நவ. 15 காலை 8:30 வரை.
- மழை 38 மி.மீ.: நவ. 15 காலை 8:30 முதல் 10:45 வரை. தானியங்கிக் கருவி.
- நிலத்தடி நீர் 4.2 மீட்டர் ஆழம்: அக்டோபர் மாத அளவு. நவம்பர் அளவு டிசம்பர் 10-க்குள் வரும்.

இதில் மழை வரிகளைக் கவனியுங்கள். 'இன்றைய மழை 42 மி.மீ.' என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த 42-இல் பெரும்பகுதி நேற்றுப் பெய்தது. காலையிலிருந்து பெய்த 38 அதில் சேரவே இல்லை. 'இன்று' என்ற ஒரு சொல், நேற்றைய மழையை இன்றைக்கும், இன்றைய மழையை ஒன்றுமில்லாமலும் ஆக்கிவிடும். எனவே இன்று, தற்போது, நடப்பு போன்ற சொற்களைப் பலகையில் தவிர்த்துவிடுங்கள். தேதியையும் மணியையும் எழுதுங்கள்.

நிலத்தடி நீர் வரியும் அப்படித்தான். நவம்பர் பாதியில், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்துக் கட்டத்தில் 4.2 மீட்டர் என்று நின்றால், "இவ்வளவு மழை பெஞ்சும் நிலத்தடி நீர் ஏறவே இல்லையே" என்று யாராவது கேட்பார்கள். அந்த எண் இந்த மழையைப் பார்க்கவே இல்லை. 'அக்டோபர் மாத அளவு' என்ற இரண்டு மூன்று சொற்கள் அந்தக் கேள்வியை எழாமல் செய்துவிடும்.

'2 மணி நேரத்துக்கு முன்' என்று எழுதுவது திரையில் அழகாக இருக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள். பலகையைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது எல்லா அலுவலகத்திலும் நடக்கிறது. காலையில் எடுத்த படம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஐந்தாவது குழுவுக்குப் போய்ச் சேரும்போதும் 'சற்று முன்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். தேதியும் மணியும் எழுதிய எண், எந்தக் குழுவுக்குப் போனாலும் தன் நேரத்தைக் கூடவே எடுத்துச் செல்லும்.

தாமதமான எண்ணை என்ன செய்வது? கட்டத்தைக் காலியாக விட வேண்டாம். கடைசியாக வந்த எண்ணை மங்கலாகக் காட்டி, 'தாமதம்: 9:45-க்குப் பிறகு தகவல் இல்லை' என்று எழுதுங்கள். நிறத்தை மட்டும் நம்பினால், கறுப்பு வெள்ளையில் அச்சிடும்போதும், நிறம் பிரித்தறிய முடியாதவர் பார்க்கும்போதும் செய்தி போய்விடும். சொல்லாகவும் இருக்கட்டும்.

எங்கே சறுக்கும், எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று இடங்களில் அடிக்கடி சறுக்கும்.

*உறைந்த எண்.* கருவி நின்றுவிட்டது, ஆனால் இடையில் இருக்கும் சர்வர் கடைசி எண்ணையே புதிய நேரத்தோடு திரும்பத் திரும்ப அனுப்புகிறது. `as_of` நகர்கிறது, எண் மட்டும் 38.0 என்றே நிற்கிறது. மழைக்காலத்தில் கால்வாய் வரத்து பல மணி நேரம் ஒரு புள்ளிகூட மாறாமல் இருப்பது இயல்பு இல்லை. எத்தனை தடவை தொடர்ந்து அதே எண் வந்தால் சந்தேகப்படவேண்டும் என்று ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் அளவு வையுங்கள். மழைமானி மட்டும் விதிவிலக்கு. வெயில் நாளில் அது நாள் முழுக்கப் பூஜ்யம் காட்டுவதுதான் சரி. அதற்குப் பக்கத்து மழைமானிகளோடு ஒப்பிடவேண்டும்.

*பூஜ்யமும் வெற்றிடமும்.* மழை பெய்யவில்லை என்பது ஒரு தகவல். மழைமானியிலிருந்து தகவல் வரவில்லை என்பது இன்னொரு தகவல். இரண்டையும் '0' என்று காட்டினால், சிக்னல் போகும் அளவுக்குப் புயல் அடிக்கும் இடத்தில் மழையே இல்லை என்று பலகை சொல்லும். மோசமான வானிலை இருக்கும் இடத்தில்தான் கருவிகள் முதலில் நிற்கும் என்பதால் இது அபூர்வமான தப்பு இல்லை. தகவல் வராத இடத்தில் '0' போடாமல் 'தகவல் இல்லை' என்று எழுதுங்கள்.

*ஐந்தரை மணி நேரம்.* பல தானியங்கிக் கருவிகள் உலகப் பொது நேரத்தில் அனுப்பும். நம் 11:00 மணி அதில் 05:30. அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொண்டால், இப்போதுதான் வந்த எண் ஐந்தரை மணி நேரம் பழசாகத் தெரியும். ஒரு தடவை மாற்றிய நேரத்தை மறுபடியும் மாற்றினால், எண் எதிர்காலத்திலிருந்து வந்ததாகத் தெரியும். எந்த எண்ணின் வயதாவது சரியாக ஐந்தரை மணி நேரம் கூடுதலாகவோ, பூஜ்யத்துக்குக் கீழாகவோ இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், இதுதான் காரணம். மேலே உள்ள பதிவில் ஒவ்வொரு நேரத்தோடும் `+05:30` எழுதியிருப்பது இதற்காகத்தான்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். நேரக் குறிப்பு, எண் எப்போதைய எண் என்பதைத்தான் சொல்லும், அது சரியான எண் என்று உறுதி தராது. அளவுகோலைத் தவறாகப் படித்திருந்தாலோ, தூர்ந்துபோன ஏரிக்குப் பழைய கொள்ளளவு அட்டவணையையே பயன்படுத்தினாலோ, 'காலை 6:00 நிலவரம்' என்ற குறிப்போடு தவறான எண் நிற்கும். அது தனியாகச் செய்யவேண்டிய சரிபார்ப்பு.

செய்து பாருங்கள்

உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு டாஷ்போர்டு இருந்தால், அதை அச்சிட்டு ஒரு பேனாவோடு உட்காருங்கள். தண்ணீர்ப் பலகையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இ-சேவை மைய விண்ணப்பங்கள், ரேஷன் கடை இருப்பு, மாதாந்திர ஓய்வூதியப் பட்டியல் என எது ஒரே திரையில் இருந்தாலும் இதே கேள்விதான். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் நிலவர நேரத்தை எழுதுங்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு, அந்தத் தகவலை அனுப்பும் பிரிவுக்குப் போன் செய்து கேளுங்கள்.

பிறகு கணக்கிட்டு வரும் எண்களை மட்டும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் எந்தெந்த எண்கள் போகின்றன என்று கோடு இழுத்து, அவற்றில் பழையது எது என்று பாருங்கள். இரண்டு வேறு நேரங்களிலிருந்து ஒட்டுப்போட்ட ஒரு கணக்காவது அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். பலகையைத் திருத்தும் வேலையை அந்தக் கட்டத்திலிருந்தே தொடங்குங்கள்.